குரலுக்கு அடியில் இசை: எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த முறையில் தாழ்த்துவது?

விளக்கக் காணொளி தயாரிப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: வர்ணனைக் குரலுக்குக் கீழே இசையைத் தாழ்த்துவதற்கு எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் தானியங்கி வசதியை நம்பலாமா, அல்லது ஒவ்வொரு இடத்திலும் கையால்தான் ஏற்றி இறக்க வேண்டுமா? கேட்பவர்களில் பலர் இரண்டையும் முயன்று பார்த்து, இரண்டிலும் திருப்தி இல்லாமல் வந்தவர்கள். தானாகத் தாழ்த்தினால் இசை மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குகிறது. கையால் செய்தால் வர்ணனையில் ஒரு வரியை மாற்றியதும் அத்தனை வேலையும் வீணாகிறது.

‘டக்கிங்’ என்று எடிட்டர்கள் சொல்லும் இந்த வேலைக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. இசையை முழுவதும் ஒரே தாழ்ந்த அளவில் வைப்பது, கையால் கீஃப்ரேம் போடுவது, மென்பொருளையே கீஃப்ரேம் போட வைப்பது, சைட்செயின் கம்ப்ரஸர் மூலம் குரலைக் கொண்டே இசையை அழுத்துவது ஆகியவை அவை. இவற்றை ஒப்பிடும்முன், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

## எவற்றை வைத்து மதிப்பிடுவது

முதல் அளவுகோல், வர்ணனையின் மிக மெல்லிய சொல் தெளிவாகக் கேட்கிறதா என்பது. சராசரிச் சொல் கேட்டால் போதாது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்றும் மறுப்பும் கடைசியில் வருகின்றன. பேசுபவரின் குரலும் மூச்சும் பெரும்பாலும் அங்கேதான் தாழ்கின்றன. ‘இந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது’ என்ற வாக்கியத்தில் ‘கூடாது’ இசையில் கரைந்துபோனால், கேட்பவருக்கு நேர் எதிரான செய்தி போய்ச் சேரும்.

இரண்டாவது, இசை ஏறுவதும் இறங்குவதும் கேட்பவரின் கவனத்துக்கு வருகிறதா என்பது. வந்தால் அந்தக் கணத்தில் அவர் பொருளை விட்டுவிட்டு ஒலியைக் கவனிக்கிறார் என்று பொருள். மூன்றாவது, வர்ணனையில் திருத்தம் வரும்போது எவ்வளவு வேலை மறுபடி செய்ய வேண்டியிருக்கும் என்பது. இதுதான் பலர் முன்கூட்டிக் கணக்கிடாத செலவு.

குரலுக்கும் இசைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல பிடிமானம் உண்டு. இணைய அணுகல்தன்மைக்கான WCAG நெறிமுறையின் 1.4.7-ஆம் விதி, ஒலி மட்டும் உள்ள பதிவுகளில் பின்னணி ஒலியை அணைக்க வழி இல்லாவிட்டால், அது முன்னணிப் பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்வாக இருக்க வேண்டும் என்கிறது. ஓரிரு நொடிகள் மட்டும் வந்துபோகும் ஒலிகளுக்கு மட்டுமே விலக்கு. அந்த விதி மிக உயர்ந்த AAA நிலையைச் சேர்ந்தது என்பதால் எல்லாரும் கட்டாயம் பின்பற்றுவதில்லை. ஆனாலும் செவித்திறன் குறைந்தவர்களும் முதியவர்களும் கேட்கக்கூடிய காணொளியாக இருந்தால், அந்த 20 டெசிபலையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். உணர்ச்சியை முதன்மையாகக் கொண்ட படைப்பில் இதைவிடக் குறைந்த இடைவெளியும் ஏற்கத்தக்கதாக இருக்கலாம். தகவலை முதன்மையாகக் கொண்டதில் வேண்டாம்.

## முறைக்கு முன்னால் இசை

எந்த முறையைத் தேர்ந்தாலும், தவறான இசையை அது சரியாக்காது. தாழ்த்தினால் இசையின் உரப்புத்தான் குறையும், அதன் குணம் அப்படியே இருக்கும்.

மனநிலைக்கு ஏற்ற இசையைத் தேடும்போது பெரும்பாலோர் காணொளியின் தலைப்பை வைத்துத் தேடுகிறார்கள்: மருத்துவம் என்றால் சோகமான பியானோ, தொழில்நுட்பம் என்றால் துடிப்பான சிந்தசைஸர். தலைப்பைவிட, இதைக் கேட்பவர் என்ன மனநிலையில் வருகிறார், முடிக்கும்போது என்ன மனநிலையில் இருக்க வேண்டும் என்பதே நல்ல வழிகாட்டி. டயாலிசிஸ் எப்படி நடக்கிறது என்று நோயாளியின் குடும்பத்தாருக்கு விளக்கும் 6 நிமிடக் காணொளியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் ஏற்கெனவே பயத்தோடு வருகிறார்கள். சோக இசை அந்தப் பயத்தை உறுதிசெய்யும். கைதட்டலும் துள்ளலுமான விளம்பர இசை, அவர்கள் துயரத்தை யாரோ இலேசாக எடுத்துக்கொண்டது போல ஒலிக்கும். வேண்டியது சோகமும் கொண்டாட்டமும் இல்லாத ஒரு நிதானம்: மெதுவான லயம், நீண்டு ஒலிக்கும் சுரங்கள், எதிர்பாராத தாவல்கள் இல்லாத ஓட்டம்.

மனநிலை பொருந்திவிட்டது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, அந்த இசை குரலுக்கு இடம் விடுகிறதா என்பது. பாடல்வரிகள் உள்ள இசை இங்கே உதவாது. எவ்வளவு தாழ்த்தினாலும் காது அந்தச் சொற்களையும் பிரித்தெடுக்கவே முயலும், அதுவும் கேட்பவருக்குத் தெரிந்த மொழியாக இருந்தால் இன்னும் மோசம். தனி வயலினோ புல்லாங்குழலோ முன்னால் நின்று ராகம் வாசிக்கும் இசையும் கிட்டத்தட்ட அதே சிக்கலைத் தருகிறது. அது ஒரு குரலைப் போலவே நடந்துகொள்கிறது: சொற்றொடர் அமைக்கிறது, மூச்சு விடுகிறது, குரல் இருக்கும் அதே அலைவரிசைப் பகுதியில் ஒலிக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலி பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் அதற்குச் சற்று மேலேயும் இருப்பதால், அங்கே எது நிறைந்திருந்தாலும் குரல் மங்கும். பல இசைத் தொகுப்புகளில் ஒரே இசையின் முதன்மை மெட்டு நீக்கிய வடிவமும் கிடைக்கிறது. கிடைத்தால் அதையே எடுங்கள். தாழ்த்தும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவதாக, இசையின் அலைவடிவத்தை எடிட்டிங் திரையில் ஒருமுறை முழுநீளத்துக்கும் பாருங்கள். தொடக்கத்தில் ஒல்லியாகவும் நடுவில் தடித்தும் இருந்தால், அந்த இசை தானாகவே உச்சத்தை நோக்கி ஏறுகிறது என்று பொருள். தானியங்கி முறைகளில் பெரும்பாலானவை இசையைக் குறிப்பிட்ட அளவு குறைக்கின்றனவே ஒழிய, குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவருவதில்லை. ஆகவே தொடக்கத்தில் சரியாக இருந்த 10 டெசிபல் குறைப்பு, தாளவாத்தியங்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும் மூன்றாவது நிமிடத்தில் போதாமல் போகும். முன்னோட்டமாக முதல் 20 நொடிகளை மட்டும் கேட்டு இசையைத் தேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உரிமம் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், தழுவலைப் பகிர்வதைத் தடுக்கும் ND என்ற எழுத்துகள் உள்ள இசையைக் காணொளியில் பயன்படுத்த முடியாது, ஏனெனில் நகரும் படத்தோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமங்கள் தழுவல் என்று கருதுகின்றன. இசையை வெட்டவில்லை, மாற்றவில்லை என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.

## வழி 1: முழுவதும் ஒரே தாழ்ந்த அளவு

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வர்ணனை இடைவெளி இல்லாமல் ஓடும் இரண்டு, மூன்று நிமிடக் காணொளியில், ஏற்ற இறக்கம் இல்லாத இசையைக் குரலைவிட 20 டெசிபல் தாழ்த்தி அப்படியே விட்டுவிடுவது பல நேரங்களில் மிகச் சிறந்த முடிவாக இருக்கிறது. இசை அசையவே இல்லை என்பதால் அதன் அசைவு காதில் படுவதற்கு வாய்ப்பே இல்லை. வர்ணனையை எத்தனை முறை திருத்தினாலும் இசையைத் தொட வேண்டியதில்லை.

குரல் நிற்கும் இடங்களில்தான் இதன் விலை தெரியும். 20 நொடிக்குச் செய்முறை மட்டும் காட்டும் காட்சியில், அந்தத் தாழ்ந்த இசை எங்கோ பக்கத்து அறையில் ஒலிப்பது போல மெலிந்து கேட்கும்; கைப்பேசியில் பார்ப்பவர் ஒலி நின்றுவிட்டதோ என்று வால்யூமைக் கூட்டுவார், அடுத்த நொடியில் குரல் வந்து காதைத் தாக்கும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கையால் உயர்த்திக்கொண்டால் இந்த முறை இன்னும் பல வேலைகளுக்குப் போதும்.

## வழி 2: கையால் கீஃப்ரேம்

இசையின் மேல் இருக்கும் வால்யூம் கோட்டில் புள்ளிகள் வைத்து, குரல் வரும் முன் இறக்கி, முடிந்தபின் ஏற்றுவது. இந்த முறையில் மட்டும்தான் எடிட்டர் பொருளைக் கேட்டு முடிவெடுக்கிறார். முக்கியமான வாக்கியத்துக்கு இசையை இன்னும் 3 டெசிபல் இறக்கலாம். வாக்கியத்தின் நடுவில் பேச்சாளர் அழுத்தத்துக்காக நிறுத்தும் இடத்தில் இசையை ஏறவிடாமல் பிடித்துவைக்கலாம். இசையில் தாளம் மாறும் நொடியோடு ஏற்றத்தைப் பொருத்தலாம்.

இறக்கம் குரலுக்கு ஏறக்குறைய அரை நொடி முன்பே தொடங்கி, முதல் அசை வரும்போது முடிந்திருக்க வேண்டும். ஏற்றம் அதைவிட மெதுவாக, ஒன்றரை முதல் இரண்டு நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். இறக்கமும் ஏற்றமும் ஒரே வேகத்தில் இருந்தால் யாரோ குமிழைத் திருகுவது கண்முன் தெரிவது போல இருக்கும்.

மறைமுகச் செலவு திருத்தத்தில் வருகிறது. இரண்டாவது நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை நீக்கினால், அதற்குப் பிந்தைய புள்ளிகள் எல்லாம் குரலோடு பொருந்தாமல் நகர்ந்துவிடும். இசையையும் சேர்த்து வெட்டினால் தாளம் உடையும். வர்ணனை இறுதி ஒப்புதல் பெறும் முன் கையால் கீஃப்ரேம் போடத் தொடங்கக் கூடாது என்பது இந்த முறையைத் தேர்ந்தவர்களுக்கு நான் சொல்லும் ஒரே நிபந்தனை.

## வழி 3: மென்பொருள் போடும் கீஃப்ரேம்

இங்கே மென்பொருள் முழு வர்ணனையையும் முதலில் படித்து, குரல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்து, இசையில் புள்ளிகளைத் தானே வைக்கிறது. பிரீமியர் ப்ரோவில் `Essential Sound` பலகத்தில் ஒரு கிளிப்பை `Dialogue` என்றும் மற்றதை `Music` என்றும் குறித்துவிட்டு, `Ducking` பகுதியில் `Generate Keyframes` அழுத்துவது இப்படித்தான். ஆடாசிட்டியில் `Auto Duck` இதே வேலையைச் செய்கிறது. அதில் குரல் டிராக், இசை டிராக்குக்கு நேர்கீழே, தேர்வு செய்யப்படாமல் இருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கவனிக்காமல், வசதி வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

இந்த முறையின் பெரிய பலம், அது முன்கூட்டியே கேட்டுவிடுகிறது என்பது. குரல் வருவதற்கு முன்பே இசை இறங்கத் தொடங்கும், எனவே முதல் அசை பாதிக்கப்படாது. இன்னொரு பலம், குரல் இருக்கும் இடம் முழுவதும் ஒரே அளவு குறைப்பு என்பதால், வாக்கியக் கடைசியில் குரல் தாழ்ந்தாலும் இசை மேலே வராது.

இதில் சரியாக அமைக்க வேண்டிய எண், எவ்வளவு நீள மௌனத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது என்பது. ஆடாசிட்டியில் இதன் பெயர் `Maximum pause`, இயல்பு மதிப்பு 1 நொடி. அதாவது ஒரு நொடிக்குக் குறைந்த இடைவெளிகளில் இசை தாழ்ந்தே இருக்கும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏறும். நிதானமாகப் பேசும் வர்ணனையாளர் பத்திக்குப் பத்தி ஒன்றரை நொடி நிறுத்துவார். இயல்பு மதிப்பில் விட்டால் அந்த ஒவ்வொரு இடத்திலும் இசை தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அமிழும். ‘தானியங்கி இசை மூச்சு வாங்குகிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த ஒரு மதிப்புதான். அதை 3 நொடிக்கு உயர்த்தினால், உண்மையான காட்சி இடைவெளிகளில் மட்டுமே இசை எழும்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, குரலா இல்லையா என்பதை மென்பொருள் ஒலி அளவை வைத்தே முடிவு செய்வதால், நாற்காலி கிறீச்சிடுவதும் ஆழ்ந்த மூச்சும் குரலாகக் கணக்கில் வரலாம். மெதுவாகச் சொன்ன ஒரு முழு வாக்கியம் கணக்கில் வராமலும் போகலாம். குரல் பதிவைச் சுத்தம் செய்து ஒலி அளவைச் சமன் செய்த பிறகே இதை இயக்க வேண்டும். மற்றொன்று, வர்ணனையை மாற்றினால் புள்ளிகளை மறுபடி உருவாக்க வேண்டும். பிரீமியரில் இந்தப் புள்ளிகள் கிளிப்பின் `Amplify` என்ற எஃபெக்டில் விழுகின்றன. நீங்கள் கையால் செய்யும் திருத்தங்களைக் கிளிப்பின் `Volume` கோட்டில் தனியாக வைத்துக்கொண்டால், மறுபடி உருவாக்கும்போது அவை அழியாது. ஆடாசிட்டியின் `Auto Duck` ஒலியையே மாற்றி எழுதிவிடுகிறது என்பதால், தாழ்த்தாத இசையின் நகல் ஒன்றை ஒலி அணைத்த டிராக்கில் வைத்திருப்பது அவசியம்.

## வழி 4: சைட்செயின் கம்ப்ரஸர்

இசை டிராக்கில் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, அதை இயக்கும் சமிக்ஞையாக இசைக்குப் பதில் குரலைக் கொடுப்பது. குரல் ஒரு எல்லையைத் தாண்டும்போதெல்லாம் இசை அழுத்தப்படும். புள்ளிகள் எதுவும் இல்லாததால் வர்ணனையை எப்படி வெட்டினாலும் நகர்த்தினாலும் இசை தானாகப் பின்தொடரும். நேரலையில் இசையைத் தானாகத் தாழ்த்த இதைவிட்டால் வேறு வழியே இல்லை, ஏனெனில் அங்கே முன்கூட்டிப் படிக்க முழு வர்ணனை கையில் இருப்பதில்லை.

ஆனால் இதன் இயல்பிலேயே ஒரு குறை இருக்கிறது, அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் ‘குரல் இருக்கிறதா’ என்று கேட்பதில்லை, ‘குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது’ என்று கேட்கிறது. எல்லை −30 டெசிபல், விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்வோம். குரல் −16-இல் பேசும்போது அது எல்லையைவிட 14 டெசிபல் மேலே இருக்கிறது. இசை அதில் முக்கால் பங்கு, அதாவது 10.5 டெசிபல் இறங்குகிறது. அதே வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரல் −26-க்குத் தாழ்கிறது. இப்போது எல்லையைவிட 4 டெசிபல்தான் மேலே, எனவே இசை 3 டெசிபல் மட்டுமே இறங்கியிருக்கும். குரல் 10 டெசிபல் தாழ்ந்த அதே இடத்தில் இசை 7.5 டெசிபல் எழுந்துவிடுகிறது. 20 டெசிபல் இடைவெளியாகத் தொடங்கியது, ‘கூடாது’ என்ற சொல் வரும்போது 2.5 டெசிபலாகச் சுருங்குகிறது. உரக்கச் சொன்ன சொல்லுக்கு மிகுந்த இடமும், மெல்லச் சொன்ன சொல்லுக்கு இடமின்மையும்: தேவைக்கு நேர் எதிர்.

இதற்கு மருந்து உண்டு. சைட்செயினுக்கு அனுப்பும் குரலின் நகலை முதலில் தனியாக நன்கு அழுத்திச் சமன்படுத்த வேண்டும், எல்லையைத் தாழ்வாக வைக்க வேண்டும், குரல் தாழ்ந்தபின் இசை மீண்டும் எழ எடுத்துக்கொள்ளும் ரிலீஸ் நேரத்தை ஒரு நொடிக்கு மேல் நீட்ட வேண்டும். தொடர்ச்சியாகப் பல அத்தியாயங்களை ஒரே மாதிரி கலக்க வேண்டியவர்களுக்கு, கட்டளைகளால் இயங்கும் எப்எப்எம்பெக் என்ற மென்பொருளில் இதை ஒரே கட்டளையாக எழுதிவைக்கலாம்:

```
ffmpeg -i voice.wav -i music.wav -filter_complex "
[0:a]asplit=2[v][k];
[k]acompressor=threshold=0.06:ratio=8,apad[key];
[1:a]volume=-17dB[m];
[m][key]sidechaincompress=threshold=0.015:ratio=4:attack=20:release=1200[bg];
[v][bg]amix=inputs=2:duration=longest:normalize=0" mix.wav
```

இதில் எல்லைகள் டெசிபலில் இல்லை, நேரடி அளவில் உள்ளன: 0.06 என்பது சுமார் −24 டெசிபல், 0.015 என்பது சுமார் −36. மேலே சொன்ன அதே குரலுக்கு இப்போது இசை உரத்த சொல்லில் ஏறக்குறைய 10 டெசிபலும், மெல்லிய சொல்லில் 8 டெசிபலும் இறங்கும். அதாவது ஏழரை டெசிபல் வேறுபாடு இரண்டாகச் சுருங்கிவிட்டது. `apad` இல்லாவிட்டால் குரல் முடியும் இடத்திலேயே இசையும் அறுந்துவிடும். `normalize=0` இல்லாவிட்டால் கலவையில் குரலின் அளவும் சேர்ந்து குறையும். இசைக் கோப்பு வர்ணனையைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு குறை, இந்த முறையால் முன்கூட்டிக் கேட்க முடியாது என்பது. குரல் வந்த பிறகே இசை இறங்கும், அதனால் ஒவ்வொரு பத்தியின் முதல் அசையும் சற்று மூழ்கும். பதிவு செய்த வேலைகளில் இதற்கு எளிய வழி, சைட்செயினுக்குப் போகும் குரல் நகலை மட்டும் கால் நொடி முன்னால் நகர்த்தி, அது வெளியே கேட்காதபடி செய்துவிடுவது. நேரலையில் இந்த வசதி இல்லை. அங்கே தொகுப்பாளர் பேசத் தொடங்கும் முன் ஒரு மூச்சு விட்டுப் பழகுவதே நடைமுறைத் தீர்வு.

## ஒரே பார்வையில்

| | ஒரே அளவு | கையால் | மென்பொருள் கீஃப்ரேம் | சைட்செயின் |
|---|---|---|---|---|
| மெல்லிய சொல் கேட்குமா | கேட்கும் | கேட்கும் | கேட்கும், குரலாக அடையாளம் கண்டால் | குரல் நகலைச் சமன் செய்தால் மட்டும் |
| முதல் அசை | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | மூழ்கலாம் |
| இசை அசைவது தெரிகிறதா | இல்லை | திறமையைப் பொறுத்தது | இடைவெளி மதிப்பைப் பொறுத்தது | ரிலீஸைப் பொறுத்தது |
| வர்ணனை மாறினால் | வேலை இல்லை | பெரும்பாலும் முதலிலிருந்து | மறுபடி உருவாக்க வேண்டும் | வேலை இல்லை |
| நேரலை | முடியும் | ஆள் இருந்தால் முடியும் | முடியாது | முடியும் |

## அந்த 6 நிமிடக் காணொளியில்

டயாலிசிஸ் காணொளிக்குத் திரும்புவோம். தொடக்கத்தில் 10 நொடிக்குத் தலைப்பும் இசையும், பிறகு வர்ணனை, மூன்றாவது நிமிடத்தில் இயந்திரம் ஓடும் காட்சி, 20 நொடி, குரல் இல்லை, கடைசியில் 8 நொடி இசை. குரல், உரப்பை அளக்கும் LUFS கணக்கில் −16 அளவில் சமன் செய்யப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுத்த இசை, இசை வெளியீடுகளின் வழக்கப்படி நன்கு உரத்து, −9 LUFS-இல் இருக்கிறது. அதாவது குரலைவிட 7 டெசிபல் உரப்பு.

இங்கே பலர் செய்வது, தாழ்த்தும் அளவையே 27 டெசிபலாக வைத்துவிடுவது. அப்படிச் செய்தால் குரல் வரும்போது இசை பள்ளத்தில் விழுவது போல இருக்கும், இயந்திரக் காட்சியில் இசை வெடித்துக் கிளம்பும். இந்த வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் இசைக் கிளிப்பின் அடிப்படை அளவை 17 டெசிபல் குறைத்து −26-க்குக் கொண்டுவாருங்கள். குரல் இல்லாத 20 நொடிக்கு இதுவே போதுமானது, இயந்திரத்தின் சொந்த ஒலிக்கும் அது இடம் விடும். அதன்மேல் தானியங்கித் தாழ்த்தல் 10 டெசிபல் மட்டும். குரலுக்குக் கீழே இசை −36-இல் நிற்கும், 20 டெசிபல் இடைவெளி கிடைத்துவிட்டது, ஆனால் காது உணரும் அசைவு 10 டெசிபல்தான். தலைப்புக்கான முதல் 10 நொடியை மட்டும் கையால் −20 வரை உயர்த்தி, குரல் வரும் முன் மெதுவாக இறக்கிக்கொள்ளலாம்.

இந்தக் காணொளிக்கு நான் மூன்றாவது வழியைத் தேர்வேன்: இடைவெளி மதிப்பு 3 நொடி, இறக்கம் அரை நொடி, ஏற்றம் ஒன்றரை நொடி. மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு வாக்கியங்களை மாற்றச் சொல்வது நிச்சயம் என்பதால் கையால் போடுவது வீண். முழு வர்ணனையும் கையில் இருப்பதால் சைட்செயினின் குறைகளைச் சுமக்க வேண்டிய தேவையும் இல்லை. புள்ளிகள் விழுந்தபின் கையால் செய்வது ஒன்றே ஒன்று. டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று சொல்லும் பகுதி தொடங்கும் முன், இசையை முழுவதுமாக அடக்கி, அந்தப் பத்தி முடிந்தபின் மறுபடி கொண்டுவருவது. இசை நின்றது யாருக்கும் தெரியாது. அந்த வாக்கியங்கள் மற்றவற்றைவிட அருகில் வந்தது போல மட்டும் இருக்கும்.

இதற்குப் பிறகும் குரல் எங்காவது மங்கினால், இசையை மேலும் தாழ்த்தும் முன் ஈக்வலைசரில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை அகலமாக 3, 4 டெசிபல் பள்ளம் ஒன்று வெட்டிப் பாருங்கள். இசையின் அடித்தளமும் மேல்மினுக்கமும் அப்படியே இருக்க, குரல் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கூடுதல் துணையாக இருக்குமே ஒழிய, எதற்கும் மாற்றாகாது.

## யாருக்கு எது

வர்ணனை இடைவிடாது ஓடும் குறுங்காணொளிக்கு ஒரே அளவு போதும். நேரலைக்கும், வாரந்தோறும் ஒரே அமைப்பில் வரும் ஒலித்தொடருக்கும் சைட்செயின். தொடருக்கு அதன் எண்களை ஒருமுறை பொறுமையாக அமைத்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை. ஒப்புதல் முடிந்து இனி மாறாத, இசையும் பொருளின் ஒரு பகுதியாக இருக்கும் ஆவணப்படம் போன்றவற்றுக்குக் கை. மற்ற பெரும்பாலான விளக்கக் காணொளிகளுக்கு மென்பொருள் கீஃப்ரேமும் அதன்மேல் சில கைத்திருத்தங்களும்.

சோதிக்கும்போது இரண்டு விஷயங்களில் காது ஏமாற்றும். நல்ல ஹெட்போனில் கலந்தவருக்கு இசையின் கனம் பெரும்பாலும் கீழ்ச்சுரங்களில் கேட்கும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அந்தக் கீழ்ச்சுரங்களைத் தருவதே இல்லை, அங்கே எஞ்சுவது குரலோடு மோதும் நடுப்பகுதிதான். எனவே ஒருமுறையாவது கைப்பேசியில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்க வேண்டும். இன்னொன்று, வர்ணனையை நாற்பது முறை கேட்ட எடிட்டருக்கு எந்தச் சொல்லும் மறையாது. நினைவே இட்டு நிரப்பிவிடும். எழுத்துவடிவைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, வாக்கியங்களின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தயங்கும் வாக்கியங்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் திறந்து பார்த்தால் போதும். அங்கே இசையில் ஏதோ ஒரு கருவி புதிதாக நுழைந்திருக்கும், அல்லது மென்பொருள் அந்தச் சொல்லைக் குரலாகக் கணக்கில் எடுத்திருக்காது.